பெயரால் தேடும் பிணையம்: 'அருகிலுள்ள பிரதி' என்ற வாக்குறுதி குறித்த ஒரு மதிப்பீடு

தகவல்மையப் பிணையம் என்பது கணினியின் முகவரியைக் கொண்டு இணைப்பு ஏற்படுத்தாமல், வேண்டிய தரவின் பெயரையே சொல்லிக் கேட்கும் பிணைய வடிவமைப்பு. கேட்கப்பட்ட தரவு யாரிடம் இருந்தாலும், அதை முதலில் உருவாக்கிய சர்வரிடமிருந்தோ வழியில் உள்ள ஏதேனும் ஒரு கருவியிடமிருந்தோ வந்து சேரலாம். இவ்வகை வடிவமைப்புகள் பல உள்ளன. அவற்றுள் அதிகம் பேசப்பட்டதும் ஆராயப்பட்டதும் வான் ஜேகப்சனும் அவருடைய குழுவினரும் பார்க் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய சிசிஎன் என்னும் வடிவமைப்பே. 'நெட்வொர்க்கிங் நேம்ட் கன்டென்ட்' என்ற தலைப்பில் 2009-ல் ரோம் நகரில் நடந்த கோநெக்ஸ்ட் மாநாட்டில் இது கட்டுரையாக முன்வைக்கப்பட்டது. 2010-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் லிக்ஸியா ஜாங் தலைமையில் தொடங்கிய என்டிஎன் திட்டம் இதன் நேர் வாரிசு.

ஜேகப்சன் பிணைய உலகுக்குப் புதியவர் அல்லர். 1980-களின் இறுதியில் இணையம் நெரிசலால் முடங்கியபோது டிசிபி-யின் நெரிசல் கட்டுப்பாட்டு முறையை வகுத்தவர் அவர். எனவே டிசிபி-யை விட்டுவிடலாம் என்று அவரே சொன்னபோது அது கூர்ந்து கேட்கப்பட்டது. அவருடைய வாதம் எளிமையானது. இணைய நெறிமுறைகள் வகுக்கப்பட்ட காலத்தில் கணினிகள் மிகச் சில. தொலைவில் உள்ள ஒரு கணினியை அணுகுவதே பிணையத்தின் வேலையாக இருந்தது. இன்று பயனருக்கு எந்தக் கணினி என்பது பொருட்டல்ல. எந்தப் பாடல், எந்தப் பக்கம், எந்தக் காணொளி என்பதே பொருட்டு. அப்படியிருக்க, பிணையம் மட்டும் ஏன் இன்னும் கணினிகளின் முகவரியையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்?

கேள்வி சரியானது. ஆனால் அதற்குத் தரப்பட்ட விடை எந்த அளவுக்குச் செயல்படுகிறது என்பதைப் பார்க்க, அதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இயங்கும் முறை

இந்தப் பிணையத்தில் இரண்டே வகைப் பொதிகள் உள்ளன. தரவு வேண்டுபவர் அனுப்புவது வேண்டல் பொதி. அதில் தரவின் பெயர் இருக்கும், கேட்பவரின் முகவரி இருக்காது. திரும்பி வருவது தரவுப் பொதி. அதில் அதே பெயர், உள்ளடக்கம், உருவாக்கியவரின் மின்னொப்பம் ஆகியவை இருக்கும். ஒரு வேண்டலுக்கு ஒரு தரவுப் பொதி மட்டுமே திரும்பும்.

ஒவ்வொரு திசைவியும் (ரவுட்டர்) மூன்றை வைத்திருக்கிறது. முதலாவது, கடந்துசென்ற தரவுகளின் பிரதிகளை வைக்கும் களஞ்சியம். இரண்டாவது, விடை வராமல் காத்திருக்கும் வேண்டல்களின் நிலுவைப் பட்டியல். மூன்றாவது, எந்தப் பெயர்முன்னொட்டுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும் வழி அட்டவணை. வேண்டல் வந்ததும் திசைவி களஞ்சியத்தைப் பார்க்கும். பிரதி இருந்தால் அங்கேயே விடை முடிந்தது. இல்லையென்றால் நிலுவைப் பட்டியலைப் பார்க்கும்; அதே பெயரை வேறொருவர் ஏற்கெனவே கேட்டுக் காத்திருந்தால், இவரையும் அந்த வரியில் சேர்த்துக்கொண்டு வேண்டலை மேலே அனுப்பாமல் நிறுத்திவிடும். அதுவும் இல்லையென்றால் வழி அட்டவணையின்படி அடுத்த திசைவிக்கு அனுப்பி, வந்த திசையை நிலுவைப் பட்டியலில் குறித்துக்கொள்ளும். தரவு திரும்பும்போது இந்தக் குறிப்புகளைப் பின்பற்றியே, வந்த வழியில் பின்னோக்கி நடந்து கேட்டவரை அடைகிறது.

ஒரு கல்லூரி வகுப்பை எடுத்துக்கொள்வோம். 100 மெகாபைட் அளவுள்ள விரிவுரைக் காணொளி ஒன்று `/example/lecture/os07/v=1` என்ற பெயரில் வெளியிடப்படுகிறது. 8000 பைட் துண்டுகளாக வெட்டினால் 12,500 துண்டுகள். கடைசிப் பெயர் `/example/lecture/os07/v=1/seg=12499`. என்டிஎன் கருவிகளில் வெளியிடுவதும் பெறுவதும் இவ்வளவுதான்:

```
ndnputchunks /example/lecture/os07/v=1 < os07.mp4
ndncatchunks /example/lecture/os07 > os07.mp4
```

நாற்பது மாணவர்கள் இதைப் பார்த்தால் கல்லூரித் திசைவிக்கு 5,00,000 வேண்டல்கள் வரும். ஆனால் வெளியே போகும் இணைப்பில் 12,500 மட்டுமே செல்லும். சேர்ந்து பார்ப்பவர்களை நிலுவைப் பட்டியல் ஒன்றாக்கிவிடும்; பின்னால் வருபவர்களுக்குக் களஞ்சியம் கொடுத்துவிடும். யாரும் எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யவில்லை, எந்த நிறுவனத்துடனும் ஒப்பந்தம் போடவில்லை. இந்த அழகுதான் பலரை ஈர்த்தது. ஈர்த்ததில் வியப்பும் இல்லை.

2009 கட்டுரையின் முக்கியச் சோதனையும் இதே வடிவத்தில்தான் அமைந்திருந்தது. 10 மெகாபிட் வேகமுள்ள குறுகிய இணைப்பின் அப்பால் ஒரே கோப்பு. அதை ஒரே நேரத்தில் கேட்கும் கணினிகளின் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஆறு வரை கூட்டப்படுகிறது. டிசிபி-யில் நேரம் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகிறது. சிசிஎன்-னில் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. முடிவு உண்மையானது. ஆனால் எல்லோரும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் ஒரே இணைப்பின் பின்னாலிருந்து கேட்கும் சூழல், இந்த வடிவமைப்புக்கு இதைவிடச் சாதகமாக அமைய முடியாது. ஒருவர் மட்டும் தரவிறக்கும்போது டிசிபி-யைவிடத் தமது முறை இணைப்பைக் குறைவாகவே பயன்படுத்துகிறது என்பதையும், தலைப்புப் பகுதிகளின் சுமை அதற்குக் காரணம் என்பதையும் ஆசிரியர்களே பதிவு செய்திருக்கிறார்கள். இந்த நேர்மை கட்டுரையின் சிறப்புகளில் ஒன்று. பின்னால் வந்த அறிமுகங்கள் பலவற்றில் அது காணாமல் போனது.

'அருகில்' என்பதன் பொருள்

தகவல்மையப் பிணையத்தைப் பற்றிய அறிமுகங்கள் அனைத்தும் 'அருகிலுள்ள எந்தப் பிரதியிலிருந்தும்' என்ற சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சிசிஎன், என்டிஎன் ஆகியவற்றைப் பொறுத்தவரை இது பாதி உண்மை.

அதே கல்லூரியில் இயற்பியல் துறைக்கும் கணினித் துறைக்கும் தனித்தனித் திசைவிகள் இருக்கின்றன, இரண்டும் மையத் திசைவியில் சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நேற்று இயற்பியல் துறையில் ஒருவர் அந்த விரிவுரையைப் பார்த்தார். துறைத் திசைவியில் பிரதி இருக்கிறது. மையத் திசைவியில் நெரிசல் அதிகம் என்பதால் அங்கிருந்த பிரதி இரவோடு இரவாக நீங்கிவிட்டது. இன்று கணினித் துறையிலிருந்து ஒருவர் கேட்கிறார். அவருடைய வேண்டல் கணினித் துறைத் திசைவி, மையத் திசைவி என்று போய், அங்கிருந்து கல்லூரிக்கு வெளியே முதல் சர்வரை நோக்கிச் செல்லும். பக்கத்துத் துறையில் இரண்டே தாவலில் இருக்கும் பிரதி கண்டுகொள்ளப்படாது.

காரணம் வழி அட்டவணை. `/example` என்ற முன்னொட்டு எந்தத் திசையில் உருவாகிறது என்பதை மட்டுமே அது அறியும். யார் களஞ்சியத்தில் எது கிடக்கிறது என்பதை அறியாது. ஆகவே இங்கு 'அருகிலுள்ள பிரதி' என்பதற்கு 'முதல் சர்வருக்குப் போகும் வழியில் அகப்படும் பிரதி' என்றே பொருள். ஒரு திசைவி ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் வேண்டலை அனுப்பிப் பார்க்கலாம் என்பது உண்மையே. கம்பியில்லா இணைப்பில் ஒலிபரப்பினால் அக்கம்பக்கத்துக் கருவிகளும் கேட்கும். ஆனால் கம்பி வழி இணைப்பில் எல்லாப் பக்கமும் அனுப்பினால், மிச்சம் பிடித்த போக்குவரத்து தேடலிலேயே செலவாகிவிடும்.

தன்னிடம் உள்ளதைத் திசைவி ஊருக்கு அறிவித்துவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஒரு விரிவுரைக்கே 12,500 பெயர்கள். களஞ்சியத்தின் உள்ளடக்கம் நொடிக்கு நொடி மாறுகிறது. அறிவிப்பு அண்டைத் திசைவிகளைச் சென்றடைவதற்குள் அறிவிக்கப்பட்ட பிரதி நீங்கியிருக்கலாம். டோனா போன்ற வேறு வடிவமைப்புகள் பெயரைப் பிரதிகளின் இருப்பிடத்தோடு இணைக்கும் பதிவு முனையங்களை வைத்து இதைத் தீர்க்க முயன்றன. அப்போது வழியைவிட்டு விலகியிருக்கும் பிரதியும் கிடைக்கும். ஆனால் உலகின் எல்லாத் தரவுப் பெயர்களுக்கும் பதிவேடு நடத்தும் சுமை அந்த முனையங்களின் தலையில் விழும். சுமை இடம் மாறியதே தவிரக் குறையவில்லை.

களஞ்சியம் எவ்வளவு தாங்கும்

என்டிஎன்-னின் செயல்படுத்தப்பட்ட திசைவி மென்பொருளான என்எஃப்டி-யில் களஞ்சியத்தின் இயல்பான கொள்ளளவு 65,536 பொதிகள். நீண்ட நேரம் யாரும் கேட்காத பொதி முதலில் வெளியேற்றப்படும். நம் விரிவுரைகளில் ஐந்து அதில் அடங்கும், 62,500 பொதிகள். ஆறாவது சேர்ந்தால் 75,000, அடங்காது.

ஆறாவது சேர்ந்தால் ஆறில் ஒரு பங்கு பயன்தானே குறையும் என்று எண்ணுவது இயல்பு. மாணவர்கள் ஒருவர்பின் ஒருவராக, தேர்வுக்கு முன் ஆறு விரிவுரைகளையும் வரிசையாக ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று கொள்க. முதல்வர் ஆறாவது விரிவுரையைப் பார்க்கும்போது, நீண்ட நேரம் கேட்கப்படாத முதல் விரிவுரையின் துண்டுகள் வெளியேறும். இரண்டாமவர் முதல் விரிவுரையைக் கேட்கும்போது அது இல்லை. அதை மறுபடி கொண்டுவரும்போது இரண்டாவது விரிவுரை வெளியேறுகிறது. இப்படியே ஒவ்வொன்றும் தேவைப்படுவதற்குச் சற்று முன்பு வெளியே போய்க்கொண்டிருக்கும். களஞ்சியம் நிரம்பி வழியும். ஒரு பொதிகூடப் பயன்படாது. இதைக் கண்டறிவது எளிது:

```
nfdc cs info
```

இதில் `nEntries` கொள்ளளவைத் தொட்டு நிற்க, `nMisses` மட்டும் ஏறி `nHits` அசையாமல் இருந்தால் நிலைமை இதுதான். நினைவகத்தைக் கூட்டுவது அல்லது வெளியேற்றும் விதியை மாற்றுவது என்ற இரண்டு வழிகள் உள்ளன. இங்கே கூடுதல் நினைவகம் மலிவு. ஆனால் அதிவேகத் திசைவி ஒன்றில், பொதிகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் நினைவகம் சிறியதாகவும் விலை மிக்கதாகவும் இருக்கும்.

இதற்குப் பின்னால் பழைய உண்மை ஒன்று உள்ளது. இணையப் பக்கங்களைப் பயனர்கள் கேட்கும் முறை ஜிப்ஃப் பரவலை ஒத்தது என்று 1999-லேயே பிரெஸ்லாவும் சக ஆய்வாளர்களும் காட்டினர். சில பக்கங்கள் மிக அதிகமாகக் கேட்கப்படும்; எண்ணற்றவை எப்போதோ ஒருமுறை. அதனால் களஞ்சியத்தைப் பெருக்கப் பெருக்கக் கிடைக்கும் கூடுதல் பயன் சுருங்கிக்கொண்டே போகிறது. பிரபலமானவை பயனருக்கு மிக அருகிலுள்ள முதல் களஞ்சியத்திலேயே கிடைத்துவிடும். அதைத் தாண்டி மேலே செல்பவை அரிதானவை; அவற்றுக்கு நடுவழித் திசைவிகளிலும் பிரதி இருக்க வாய்ப்புக் குறைவு. 2013-ல் சிக்காம் மாநாட்டில் வெளிவந்த 'லெஸ் பெய்ன், மோஸ்ட் ஆஃப் தி கெய்ன்' என்ற ஆய்வு, பதிவு செய்யப்பட்ட போக்குவரத்தைக் கொண்டு இதையே அளந்தது. எல்லாத் திசைவிகளிலும் களஞ்சியம் வைப்பதன் பயனில் பெரும்பகுதி, விளிம்பில் மட்டும் களஞ்சியம் வைத்தாலே கிடைத்துவிடுகிறது என்பது அதன் முடிவு. விளிம்பில் களஞ்சியம் வைப்பதற்குப் புதிய பிணையம் தேவையில்லை. சிடிஎன் நிறுவனங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

நிலுவைப் பட்டியலின் விலை

ஐபி திசைவி எந்தப் பொதியையும் நினைவில் வைப்பதில்லை. பெயர்ப் பிணையத்தின் திசைவி ஒவ்வொரு வேண்டலையும் விடை வரும்வரை நினைவில் வைக்கிறது. வழக்கமான நாளில் இது பெரிய சுமை அல்ல. 10 கிகாபிட் இணைப்பில் 8000 பைட் தரவுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1,56,000 பொதிகள். சென்று திரும்ப ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகுமென்றால் பட்டியலில் ஒரே நேரத்தில் நிற்பவை சுமார் 15,600 வரிகளே.

தாக்குபவர் வரும்போது கணக்கு தலைகீழாகிறது. அவர் இல்லாத பெயர்களைக் கேட்கிறார்: `/example/` என்பதன்பின் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு புதிய எழுத்துக்கோவை. பிரதி எங்கும் இராது, வேண்டல்கள் ஒன்றோடொன்று சேரவும் சேரா, விடையும் வராது. இயல்பாக ஒரு வேண்டல் நான்கு நொடி காத்திருக்கும். 100 பைட் வேண்டல்களை நொடிக்கு 100 மெகாபிட் அளவில் அனுப்பினால் நொடிக்கு 1,25,000. நான்கு நொடியில் 5,00,000 வரிகள். இணைப்பின் வேகத்தில் நூறில் ஒரு பங்கைக் கொண்டு, முழு இணைப்பின் வழக்கமான சுமையைப்போல் முப்பது மடங்குக்கும் மேல் பட்டியலை நிரப்பிவிடலாம். கேட்பவரின் முகவரி வேண்டலில் இல்லாததால் தாக்குபவர் யார் என்றும் நேரடியாகத் தெரியாது.

இதற்கான தீர்வுகள் 2013 முதல் ஆராயப்பட்டுள்ளன. எந்தப் பக்கத்திலிருந்து வரும் வேண்டல்களுக்கு விடை கிடைக்கும் விகிதம் சரிகிறதோ, அந்தப் பக்கத்தை நெறிப்படுத்தி, அடுத்த திசைவியையும் அவ்வாறே செய்யச் சொல்வது அவற்றுள் ஒன்று. வேண்டலும் தரவும் ஒரே வழியில் செல்வதால் இந்த விகிதத்தைத் திசைவியால் அளக்க முடிகிறது. ஐபி-யில் இது முடியாது. இது வடிவமைப்புக்கு உரிய பெருமை. ஆனால் தாக்குபவரின் அதே பக்கத்தில் இருக்கும் நல்ல பயனர்களும் நெறிப்படுத்தலில் மாட்டிக்கொள்வார்கள்.

நம்பிக்கையும் மறைவும்

எவரிடமிருந்தும் தரவு வரலாம் என்றால், அது உண்மையானதா என்பதை அனுப்பியவரைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. எனவே ஒவ்வொரு தரவுப் பொதியும் உருவாக்கியவரின் மின்னொப்பத்தைச் சுமக்கிறது. பாதுகாப்பு இணைப்பைச் சாராமல் தரவோடு ஒட்டியே பயணிப்பது இந்த வடிவமைப்பின் மிக வலுவான கருத்து. களஞ்சியங்களைப் பற்றிய பேச்சின் இரைச்சலில் அது உரிய கவனம் பெறாமல் போனது.

ஆனால் மின்னொப்பத்தைச் சரிபார்ப்பது யார்? இந்தப் பெயருக்கு இந்தத் திறவியால் ஒப்பமிடும் உரிமை உண்டா என்பது பயனரின் செயலிக்குத் தெரியும். நடுவழித் திசைவிக்குத் தெரியாது. தெரிந்தாலும் முழு வேகத்தில் ஒவ்வொரு பொதியையும் சரிபார்க்க அதற்கு நேரம் போதாது. எனவே போலித் தரவு ஒன்று களஞ்சியத்தில் புகுந்துவிட்டால், பயனர் அதை மறுத்துவிட்டு மீண்டும் கேட்பார். அருகிலுள்ள களஞ்சியம் அதே போலியை மீண்டும் உற்சாகமாக நீட்டும். பெயரோடு தரவின் எண்சுருக்கத்தையும் சேர்த்துக் கேட்டால் போலி பொருந்தாது. அந்த எண்சுருக்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பட்டியல் பொதி ஒன்றை முதலில் பெற வேண்டியிருக்கும்.

2009-க்குப் பிறகு இன்னொன்று நடந்தது. இணையப் போக்குவரத்தின் பெரும்பகுதி மறையாக்கத்துக்கு மாறியது. எச்டிடிபிஎஸ்-ஸில் ஒரே காணொளி ஒவ்வொரு பயனருக்கும் வெவ்வேறு திறவியால் பூட்டப்படுகிறது. நடுவழியில் பிரதி எடுத்து ஒரு பயனும் இல்லை. என்டிஎன் தரவை ஒருமுறை பூட்டித் திறவியைத் தனியே கொடுக்கிறது. பிரதி பயன்படும், ஆனால் சந்தா முடிந்தவரிடம் பழைய திறவி இருக்கும், பழைய பிரதிகள் களஞ்சியங்களில் இருக்கும். உள்ளடக்கம் பூட்டப்பட்டாலும் பெயர் வெளிப்படையாகத்தான் செல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதே பெயரைக் கேட்டு, விடை எவ்வளவு விரைவில் வருகிறது என்று அளந்தாலே, அந்தத் திசைவிக்குப் பின்னாலுள்ள யாரோ அதை அண்மையில் பார்த்திருக்கிறார் என்று ஊகித்துவிடலாம். யார் கேட்கிறார் என்பதை மறைக்கும் பிணையம், என்ன கேட்கப்படுகிறது என்பதைத் திறந்து காட்டுகிறது.

உள்ளடக்கத்தை விற்பவர்களின் தயக்கத்தையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணவும், தேவைப்பட்டால் திரும்பப் பெறவும் அவர்கள் விரும்புகிறார்கள். முகம் தெரியாத திசைவிகளில் கிடக்கும் பிரதிகள் இரண்டுக்கும் உதவுவதில்லை.

எஞ்சியது

பார்க் ஆய்வுக்கூடத்தின் சிசிஎன் தொழில்நுட்பத்தை 2017-ல் சிஸ்கோ வாங்கியது. அங்கே உருவான கலப்பு வடிவம், தரவின் பெயரை ஐபிவி6 முகவரிக்குள்ளேயே வைத்துப் பழைய திசைவிகள் வழியாகவும் செல்லும்படி செய்தது. 2019-ல் சிசிஎன் நெறிமுறை ஆர்எஃப்சி 8569, 8609 என்னும் ஆவணங்களாக, சோதனை நிலை என்ற குறிப்புடன் வெளியானது. ஐபி-யை அகற்றிவிட்டு அமரும் என்று எதிர்பார்க்கப்பட்ட வடிவமைப்பு ஐபி-க்குள் இடம் தேடிக்கொண்டது.

இதன் குறைகள் பல மறைந்துவிடும் ஓர் இடமும் உண்டு: மின்கலத்தில் ஓடும் சிறு உணரிகளின் பிணையம். ரயட் இயங்குதளத்தில் பெயர்ப் பிணையத்தை ஏற்றிப் பல கட்டடங்களில் வைத்த உணரிகளில் செய்த சோதனைகள் 2014-ல் வெளிவந்தன. அங்கே கம்பியில்லா ஒலிபரப்பு இயல்பானது. ஆகவே வழியை விட்டு விலகிய அண்டைக் கருவியும் வேண்டலைக் கேட்கிறது. தரவு சில பைட்டுகள்தான். பெயர்களும் சில நூறுதான். உணரி பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். அது விழிக்கும்வரை காத்திருக்காமல் அண்டைக் கருவி தன்னிடமுள்ள பிரதியைக் கொடுத்துவிடும்.

அங்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. `/room12/temp` என்று மட்டும் கேட்டால் காலையில் எடுத்த வெப்பநிலை மாலையில் வந்து சேரலாம். மின்னொப்பம் சரியாகவே இருக்கும், பெயரும் பொருந்தும். தரவுப் பொதியில் அது எத்தனை நேரம் புதியதாகக் கொள்ளப்படும் என்று குறிக்க வேண்டும். வேண்டலிலும் புதியதே வேண்டும் என்று `MustBeFresh` குறியை இட வேண்டும். அந்த நேரத்தைக் குறைத்து வைத்தால் உணரியை அடிக்கடி எழுப்ப வேண்டிவரும். மின்கலம் விரைவில் தீரும். கூட்டி வைத்தால் பழைய வெப்பநிலை வரும். அளவு பத்து நொடியா பத்து நிமிடமா என்பதை அறையில் இருப்பது வகுப்பறைக் குளிரூட்டியா, தடுப்பூசிக் குளிர்பெட்டியா என்று பார்த்துத்தான் வைக்க முடியும்.